வேலைச் சான்று கேட்டால் வங்கிப் படிவத்தின் இரண்டாம் பக்கத்தில் எச்.ஆர். கையெழுத்துப் போட மறுக்கிறார்கள். என்ன செய்வது?

ஒரகடம் தேவி | திங்கள், இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை பார்க்கிறேன். கூடுவாஞ்சேரி பக்கம் 48 லட்சத்துக்கு ஒரு ஃபிளாட் பேசி, 3 லட்சம் அட்வான்ஸ் கொடுத்து அக்ரிமெண்ட் போட்டிருக்கிறோம். 90 நாள் கெடு. இன்னும் 38 நாள்தான் இருக்கு.

36 லட்சம் கடன் கேட்டு ஒரு பொதுத்துறை வங்கியில் மனு கொடுத்தேன். பே ஸ்லிப், ஃபார்ம் 16, ஆறு மாத ஸ்டேட்மெண்ட் எல்லாம் வாங்கிக்கொண்டு, "எம்ப்ளாயர் சான்று இந்தப் படிவத்தில்தான் வேணும்" என்று இரண்டு பக்கத் தாள் ஒன்றைக் கொடுத்தார்கள். முதல் பக்கத்தில் பேர், பதவி, சேர்ந்த தேதி, சம்பளம், ஓய்வு பெறும் தேதி. அதை நிரப்பித்தர எச்.ஆர். தயார். இரண்டாம் பக்கத்தைப் பார்த்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்கள். மாதாமாதம் சம்பளத்தில் தவணையைப் பிடித்து வங்கிக்கு அனுப்புவோம், இவர் வேலையை விட்டால் உடனே வங்கிக்குத் தெரிவிப்போம், கணக்கு முடிக்கும்போது வரும் பணத்தை வங்கிக்கே கொடுப்போம் என்று கம்பெனி உறுதி தருவதுபோல அதில் இருக்கு. "இது எங்க பாலிசியில் இல்லைம்மா" என்கிறார்கள். வங்கியில் கேட்டால், "படிவம் முழுசா வந்தாத்தான் ஃபைல் நகரும்".

இன்னொரு சிக்கலும் இருக்கு. முதல் ஒரு வருஷம் ஏழு மாதம் இதே பிளாண்டில் காண்ட்ராக்டர் மூலமாக வேலை பார்த்தேன். பிறகு 2021 அக்டோபரில்தான் கம்பெனி ரோலுக்கு எடுத்தார்கள். மனுவில் "2020 மார்ச் முதல்" என்று எழுதிவிட்டேன். எச்.ஆர். 2021 என்றுதான் எழுதுவார்களாம்.

யாராவது இந்த வழியில் போயிருந்தால் சொல்லுங்கள்.

---

குரோம்பேட்டை பாலா | திங்கள், இரவு 10.05

சகோ, ரிலீவிங் லெட்டர் தர எல்லா கம்பெனியும் இழுத்தடிப்பாங்க. எனக்கு பழைய கம்பெனியில் நாலு மாசம் ஆச்சு. தினமும் மெயில் போட்டுக்கிட்டே இருங்க, சி.சி.யில் மேனேஜரைப் போடுங்க.

---

ஒரகடம் தேவி | திங்கள், இரவு 10.11

நான் வேலையை விடவில்லை அண்ணா. வேலையில் இருக்கிறேன் என்பதற்கான சான்றுதான் வேணும்.

---

சிவப்புத்துண்டு | செவ்வாய், காலை 7.20

தொழிலாளி கேட்டால் பணிச் சான்று கொடுத்தே ஆகணும் என்று சட்டம் இருக்கு தோழர். நிலையாணை விதிகளைப் படிச்சுப் பாருங்க. எழுத்துல ஒரு மனு, அதுக்கு மூணு நாள் டைம். தரலேன்னா லேபர் ஆபீஸ். கெஞ்சிக்கிட்டு நிற்காதீங்க.

---

டீச்சர் மீனாட்சி | செவ்வாய், காலை 8.02

நான் அரசுப் பள்ளி ஆசிரியை. போன வருஷம் வீட்டுக் கடன் எடுத்தபோது இதே மாதிரி படிவம்தான் கொடுத்தார்கள். தலைமையாசிரியர் இரண்டு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டு முத்திரை வைத்துக் கொடுத்தார், ஒரே நாளில் முடிந்தது. தனியார் கம்பெனி மட்டும் ஏன் மறுக்கிறது என்று புரியவில்லை. நம் சம்பளம், நாமே ஒப்புதல் கொடுக்கிறோம், அவர்களுக்கு என்ன நஷ்டம்?

---

கடன்பிரிவு ஓய்வு | செவ்வாய், காலை 11.30

பொதுத்துறை வங்கியில் 31 வருஷம் இருந்தேன். கடைசி ஒன்பது வருஷம் வீட்டுக் கடன் பரிசீலிக்கும் மையத்தில். தேவிம்மா, உங்கள் ஃபைல் மாதிரி நூற்றுக்கணக்கில் பார்த்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

உங்கள் கையில் இருப்பது இரண்டு வெவ்வேறு காகிதங்கள். ஒரே தாளில் முன்னும் பின்னுமாக அச்சடித்திருப்பதால் ஒன்றுபோலத் தெரிகிறது. முதல் பக்கம் சான்று: இந்த நபர் எங்களிடம் வேலை பார்க்கிறார், இவ்வளவு சம்பளம் என்று உண்மையைச் சொல்வது. இரண்டாம் பக்கம் உறுதிமொழி: இனி நாங்கள் இன்னின்னது செய்வோம் என்று கம்பெனி பொறுப்பேற்பது. எங்கள் பேச்சில் அதற்கு செக்-ஆஃப் என்று பெயர். வங்கியோடு ஒப்பந்தம் உள்ள அரசுத் துறைகள், பொதுத்துறை நிறுவனங்கள், சில பெரிய கம்பெனிகள் ஆகியவற்றுக்காக வந்த பக்கம் அது. டீச்சரம்மாவுக்கு ஒரே நாளில் முடிந்ததற்குக் காரணம் அதுதான். அவருடைய சம்பளத்தில் பிடித்தம் செய்து அனுப்பும் ஏற்பாடு ஏற்கெனவே இருக்கிறது, கையெழுத்துப் போடும் அலுவலருக்கு அந்த அதிகாரமும் இருக்கிறது.

உங்கள் கம்பெனி எச்.ஆர். மறுப்பதை நான் குறை சொல்ல மாட்டேன். அந்தப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டால் உங்கள் கடனுக்குள் கம்பெனி ஒரு தரப்பாக நுழைகிறது. நாளைக்கு நீங்கள் வேலையை விட்டு, அவர்கள் வங்கிக்குச் சொல்ல மறந்தால், வங்கி கம்பெனிக்குக் கடிதம் எழுதும்.

கிளையில் ஏன் இரண்டையும் கேட்கிறார்கள்? பெரும்பாலும் பழக்கம். ஃபைலைக் கட்டி மையத்துக்கு அனுப்பும் ஊழியர் சரிபார்ப்புப் பட்டியலில் "எம்ப்ளாயர் சான்று" என்று இருப்பதைப் பார்த்து முழுப் படிவத்தையும் பிரிண்ட் எடுத்துக் கொடுத்துவிடுவார். அதனால் நீங்கள் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான்: "எனக்குச் சொன்ன வட்டியும் திட்டமும் செக்-ஆஃப் இருந்தால்தான் கிடைக்குமா, இல்லாமலும் உண்டா?" இல்லாமலும் உண்டு என்றால், கம்பெனி லெட்டர்ஹெட்டில் சான்று மட்டும் போதும். தவணைக்கு உங்கள் சம்பளக் கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கும் மேண்டேட்டை நீங்களே கொடுத்துவிடலாம். செக்-ஆஃப் இருந்தால்தான் என்றால், வேறு திட்டத்துக்கோ வேறு வங்கிக்கோ மாற இன்னும் 38 நாள் இருக்கிறது. கவுண்டரில் வாய்வார்த்தையாகக் கேட்காதீர்கள். மேலாளருக்கு மெயில் போட்டுப் பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

சேர்ந்த தேதியைப் பற்றி: 2020 என்று எழுதித்தரச் சொல்லி எச்.ஆரை வற்புறுத்தாதீர்கள். அவர்கள் எழுதினாலும் ஆபத்து. உங்கள் யு.ஏ.என். பாஸ்புக்கில் இரண்டு மெம்பர் ஐ.டி. இருக்கும், காண்ட்ராக்டர் பேரில் ஒன்று, கம்பெனி பேரில் ஒன்று. பரிசீலிப்பவர் அதைத் திறந்ததும் கடிதத்தில் உள்ள தேதி பொய் என்று தெரிந்துவிடும். பிறகு உங்கள் மற்றக் காகிதங்களையும் சந்தேகக் கண்ணோடுதான் பார்ப்பார். மனுவில் நீங்களே திருத்தி, "2020 மார்ச் முதல் இன்ன காண்ட்ராக்டர் மூலம், 2021 அக்டோபர் முதல் கம்பெனி ரோலில்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். கம்பெனி ரோலில் உள்ள காலமே உங்களுக்குப் போதுமானது. முன்காலம் கூடுதல் பலம், அவ்வளவுதான்.

---

சிவப்புத்துண்டு | செவ்வாய், மதியம் 1.15

வங்கிக்காரர் கம்பெனி பக்கமே பேசுறார். சட்டத்தில் இருக்கிறதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லையே?

---

எச்.ஆர். மேசையிலிருந்து | செவ்வாய், மதியம் 2.40

நான் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வேறொரு தொழிற்சாலையில் எச்.ஆரில் இருக்கிறேன். தோழர் சொல்வதில் பாதி சரி. நிலையாணையில் வரும் பணிச் சான்று, வேலையிலிருந்து நீங்கும்போது நிரந்தரத் தொழிலாளிக்குத் தரவேண்டியது. வேலையில் இருக்கும்போது வங்கிக்காகக் கேட்கும் கடிதத்துக்கு அதைக் காட்ட முடியாது. வங்கியின் உறுதிமொழியில் கையெழுத்துப் போடவைக்க அது நிச்சயம் உதவாது. லேபர் ஆபீஸ் போய் வருவதற்குள் தேவியின் அக்ரிமெண்ட் கெடு முடிந்துவிடும்.

எங்கள் பக்க நிலைமையும் சொல்கிறேன். மாதத்துக்குப் பத்துப் பன்னிரண்டு பேர் இப்படிக் கடிதம் கேட்டு வருவார்கள். "மேடம், லோன் லெட்டர் வேணும்" என்று மட்டும் சொன்னால், கம்பெனியின் பழைய மாதிரியில் பேர், பதவி, சி.டி.சி. போட்டு அடித்துக் கொடுத்துவிடுவோம். வங்கி அதைத் திருப்பி அனுப்பும். ஒரு வாரம் போச்சு. அதனால் கேட்கும்போதே எந்த வங்கி, எந்தக் கிளை, என்னென்ன விவரம் வேண்டும் என்று ஒரே மெயிலில் எழுதுங்கள். நீங்களே ஒரு மாதிரியை வேர்டில் அடித்து இணைத்தால் இன்னும் நல்லது. என் மேசையில் அப்படி வருவது அன்றே கையெழுத்துக்குப் போய்விடும்.

கையெழுத்துப் போட யாருக்கு அதிகாரம் என்பதையும் கேளுங்கள். எங்கள் பிளாண்டில் சான்றுக்கு நானே போடலாம். கம்பெனியைக் கட்டுப்படுத்தும் எதிலும் நான் போட முடியாது, அது தலைமை அலுவலகம் வரை போகும். "பாலிசியில் இல்லை" என்று உங்கள் எச்.ஆர். சொன்னதன் அர்த்தம் அதுவாகத்தான் இருக்கும்.

---

அம்பத்தூர் அருண் | செவ்வாய், மாலை 6.30

ஒரு டிப்ஸ்: எச்.ஆரிடம் வீட்டுக் கடனுக்கு என்று சொல்லாதீர்கள், பாஸ்போர்ட்டுக்கு என்று சொல்லி வாங்குங்கள். சம்பளத்தை சி.டி.சி.யாகப் போடச் சொல்லுங்கள், எலிஜிபிலிட்டி ஏறும். இன்னும் நேரம் ஆகும் என்றால் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் லெட்டர்ஹெட் போட்டே தருகிறார்கள் என்று கேள்விப்பட்டேன்.

---

கடன்பிரிவு ஓய்வு | செவ்வாய், இரவு 8.15

அருண் தம்பி, கடைசியாகச் சொன்னதை தயவுசெய்து யாருக்கும் சொல்லாதீர்கள். அது போலி ஆவணம். கடன் மறுப்போடு நிற்காது, வங்கி போலீஸில் புகார் கொடுக்கும். நான் பணியில் இருந்தபோதே கடிதத்தில் இருந்த எண்ணுக்குப் போன் செய்தால் ஜெராக்ஸ் கடையில் எடுத்த கதை நடந்திருக்கிறது. அந்தப் பையனுக்கு நல்ல வேலையே இருந்தது, அவசரப்பட்டான்.

சி.டி.சி. விஷயத்தையும் கணக்குப் போட்டே பார்த்துவிடுவோம். தேவிம்மா, உங்கள் மாதச் சம்பள விவரமும், ஏற்கெனவே தவணை ஏதும் ஓடுகிறதா என்பதும் சொல்ல முடியுமா? பேர், கணக்கு எண் எதுவும் வேண்டாம்.

---

ஒரகடம் தேவி | செவ்வாய், இரவு 9.50

சி.டி.சி. 9.2 லட்சம் சார். பே ஸ்லிப்பில் மொத்தம் 64,000, கையில் வருவது 59,500. அதற்கு மேல் ஓவர்டைம், ஷிப்ட் அலவன்ஸ் மாதம் 6,000 முதல் 8,000 வரை வரும், தனி வரியாக இருக்கும். ஸ்கூட்டர் தவணை 3,900, இன்னும் 41,000 பாக்கி. கணவர் சொந்தத் தொழில், இரண்டு வருஷமாகத்தான் ரிட்டர்ன் போடுகிறார், அதனால் என் பேரில் மட்டும் கேட்டிருக்கிறோம்.

---

கடன்பிரிவு ஓய்வு | புதன், காலை 6.45

நன்றி அம்மா. 9.2 லட்சத்தைப் பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 76,000 சொச்சம் வருகிறது. ஆனால் அதில் கம்பெனி பங்கு பி.எஃப்., கிராஜுவிட்டி, இன்சூரன்ஸ், வருஷத்துக்கு ஒருமுறை வரும் ஊக்கத்தொகை எல்லாம் அடக்கம். பரிசீலிப்பவர் அதைத் தொடவே மாட்டார். ஸ்டேட்மெண்டில் மாதாமாதம் வரவாகும் தொகையைத்தான் எடுப்பார். கடிதத்தில் சி.டி.சி. மட்டும் இருந்தால், பிரித்துக் காட்டுங்கள் என்று ஒரு கேள்வி எழுதித் திருப்பிவிடுவார். அதனால் மொத்தச் சம்பளம், பிடித்தங்கள், நிகரம் மூன்றும் கடந்த மாதத்து பே ஸ்லிப்போடு ரூபாய் பிசகாமல் பொருந்தவேண்டும்.

இப்போது கணக்கு. வங்கிக்கு வங்கி விகிதம் மாறும். உங்கள் நிலையில் நிகரத்தில் 55 சதவீதம் வரை எல்லாத் தவணைக்கும் விடுவார்கள் என்று வைத்துக்கொள்வோம். 59,500-ல் 55 சதவீதம் 32,725. ஸ்கூட்டருக்கு 3,900 போனால் மீதி 28,825. எட்டரை சதவீத வட்டியில் 20 வருஷத்துக்கு ஒரு லட்சத்துக்குத் தவணை சுமார் 868 ரூபாய். ஆக 33 லட்சத்துக்குக் கொஞ்சம் மேல் வரும். நீங்கள் கேட்டது 36 லட்சம், அதற்குத் தவணையே 31,242.

இங்கேதான் பலர் சம்பளத்தைக் கூட்டி எழுதச்சொல்லி எச்.ஆரிடம் போய் நிற்பார்கள். உங்களுக்கு அது தேவையில்லை. ஸ்கூட்டர் பாக்கி 41,000-ஐக் கட்டி முடித்து, நோ டியூ சான்று வாங்கிக் கொடுங்கள். 32,725 முழுவதும் வீட்டுக்கே கிடைத்தால் 37 லட்சத்தைத் தாண்டுகிறது. ஓவர்டைமைத் தொடவே வேண்டாம்.

---

டீச்சர் மீனாட்சி | புதன், காலை 7.30

சார், ஓவர்டைமை ஏன் விடவேண்டும்? உழைத்து வாங்கும் பணம்தானே, பே ஸ்லிப்பிலும் இருக்கிறதே?

---

கடன்பிரிவு ஓய்வு | புதன், காலை 9.10

நியாயமான கேள்வி டீச்சர். சில வங்கிகள் ஆறு மாத சராசரியில் பாதியை எடுக்கும், சில எதுவும் எடுக்காது. ஆர்டர் குறைந்தால் முதலில் நிற்பது ஓவர்டைம்தான் என்பது வங்கியின் வாதம். அதில் எனக்கே முழு உடன்பாடு இல்லை. மூன்று ஷிப்ட் ஓடும் பிளாண்டில் ஷிப்ட் அலவன்ஸ் நிலையான வருமானம்தான் என்று நான் எழுதி அனுப்பிய ஃபைல்களில் பாதி ஏற்கப்பட்டன, பாதி திரும்பின. கடிதத்தில் அதைத் தனி வரியாக, மாறக்கூடியது என்ற குறிப்போடு காட்டச்சொல்லுங்கள். எடுப்பதும் விடுவதும் அவர்கள் பாடு.

---

எச்.ஆர். மேசையிலிருந்து | புதன், மதியம் 1.20

அருண் சொன்ன பாஸ்போர்ட் யோசனைக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். கடிதத்திலேயே "வீட்டுக் கடனுக்காக, இன்ன வங்கிக்கு, ஊழியரின் வேண்டுகோளின்பேரில்" என்று இருக்கும். நோக்கம் மாறினால் வங்கி ஏற்காது. அதைவிடப் பெரிய காரணம் சரிபார்ப்பு.

கடிதம் கொடுத்த சில நாளில் வங்கியோ அதன் ஏஜென்சியோ கம்பெனிக்குப் போன் செய்யும், சில சமயம் ஆளே வருவார். எங்கள் கேட்டில் நடந்ததைச் சொல்கிறேன். ஏஜென்சி பையன் பைக்கில் வந்து செக்யூரிட்டியிடம் பேரைச் சொல்லி, "இவர் இங்கே வேலை பார்க்கிறாரா?" என்று கேட்டிருக்கிறார். ஆயிரத்துக்கு மேல் ஆட்கள். செக்யூரிட்டி ரிஜிஸ்டரில் எண்தான் இருக்கும். "அப்படி யாரும் தெரியலையே" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அறிக்கையில் "நபர் அந்த முகவரியில் பணியில் இல்லை" என்று போய், எங்கள் ஊழியருக்குக் கடன் மறுக்கப்பட்டது. ஏன் என்று அவருக்கு மூன்று வாரம் தெரியவேயில்லை. ஒவ்வொரு நாளும் வந்து என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தார், எனக்கும் காரணம் தெரியாது.

அதன் பிறகு நான் தரும் ஒவ்வொரு கடிதத்திலும் ஊழியர் எண், பிரிவு, சரிபார்க்கத் தொடர்புகொள்ளவேண்டியவரின் நேரடி எண், கம்பெனி மெயில் முகவரி நான்கும் கட்டாயம். ஊழியரிடமும் சொல்லிவிடுவேன், கேட்டிலும் ரிசப்ஷனிலும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள் என்று. தேவி, நீங்களும் செய்யுங்கள். உங்கள் எச்.ஆர். லீவில் போகும் வாரத்தில் கடிதத்தைக் கொடுக்காதீர்கள்.

---

ஒரகடம் தேவி | வெள்ளி, இரவு 10.30

மேலாளருக்கு மெயில் போட்டேன். இன்று பதில் வந்தது: செக்-ஆஃப் கட்டாயமில்லை, லெட்டர்ஹெட்டில் சான்றும், சம்பளக் கணக்கிலிருந்து மேண்டேட்டும் போதும் என்று. கவுண்டரில் இரண்டு வாரம் வேறு மாதிரி சொன்னார்கள். அந்த மெயிலை எச்.ஆருக்கு ஃபார்வேர்ட் செய்து, மாதிரியும் அடித்து அனுப்பிவிட்டேன்.

ஒரு சந்தேகம். கம்பெனி ரெக்கார்டில் அப்பா இனிஷியல். கல்யாணத்துக்குப் பிறகு ஆதாரில் கணவர் பேரைச் சேர்த்துவிட்டேன். பானில் அப்பா பேர்தான். கடிதத்தில் எந்தப் பேர் வரணும்?

---

கடன்பிரிவு ஓய்வு | சனி, காலை 7.05

பானில் உள்ளபடி. ஃபார்ம் 16 அதன்படி வருகிறது, கம்பெனி ரெக்கார்டும் அதுதான். கடிதம் அவற்றோடு ஒத்துப்போகட்டும். ஆதார் வேறுபாட்டுக்கு, இரண்டும் ஒரே நபர் என்று நோட்டரி முன் ஓர் உறுதிப்பத்திரம் எடுத்துத் தனியாகக் கொடுங்கள். வீட்டுப் பத்திரத்தில் எந்தப் பேர் என்பதையும் இப்போதே உங்கள் வக்கீலிடம் முடிவு செய்துவிடுங்கள், பதிவு நாளில் அது பெரிய தலைவலி.

கடிதத் தேதியையும் கவனியுங்கள். ஒரு மாதத்துக்கு மேல் பழையதானால் புதிது கேட்பார்கள். மற்றக் காகிதம் எல்லாம் கைக்கு வந்தபிறகு வாங்குங்கள்.

---

சிவப்புத்துண்டு | சனி, காலை 9.40

சட்டம் வேலையை விடும்போதுதான் என்பதை ஒத்துக்கொள்கிறேன், பார்த்தேன். ஆனாலும் ஒரு கடிதம் தருவதும் தராததும் எச்.ஆர். மனசைப் பொறுத்தது என்பது சரியில்லை. எங்கள் சங்கத்தில் அடுத்த ஒப்பந்தப் பேச்சில், கேட்ட மூன்று வேலை நாளில் சான்று தரணும் என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லப்போகிறேன். காண்ட்ராக்ட் ஆட்களுக்கு யார் தருவது என்பதையும் கேட்கணும். அவங்களுக்குத்தான் இது கிடைக்கிறதே இல்லை.

---

எச்.ஆர். மேசையிலிருந்து | சனி, மதியம் 12.15

மூன்று நாள் என்பது நியாயம். காண்ட்ராக்ட் ஆட்களுக்கு சம்பளம் தருபவர் காண்ட்ராக்டர், சான்றும் அவர்தான் தரணும். நாங்கள் எழுதினால் எங்கள் ஊழியர் என்று நாங்களே ஒப்புக்கொண்டதாக ஆகும் என்று மேலிடம் பயப்படும். அந்த ஆட்கள் வந்து நிற்கும்போது எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

---

ஒரகடம் தேவி | 19 நாள் கழித்து, மாலை 7.15

இன்று சாங்ஷன் ஆனது, 36 லட்சமும் முழுசாக. ஸ்கூட்டர் கடனை முடித்து நோ டியூ கொடுத்தேன். கடிதம் ஒரு பக்கம்தான் வந்தது, ஊழியர் எண்ணோடு. சரிபார்ப்புக்கு ஆள் வந்த அன்று நான் இரவு ஷிப்ட் முடித்துத் தூங்கிக்கொண்டிருந்தேன். கேட்டில் முன்பே எழுதிக் கொடுத்திருந்ததால் செக்யூரிட்டி அண்ணா ரிஜிஸ்டரைப் பார்த்து எண்ணைச் சொல்லி, எச்.ஆருக்கே லைன் போட்டுக் கொடுத்துவிட்டார்.

ஓவர்டைமை எடுக்கவில்லை. காண்ட்ராக்டர் காலத்தைப் பற்றி யாரும் கேட்கவேயில்லை, திருத்திக் கொடுத்த தாள் மட்டும் ஃபைலில் இருக்கு. அக்ரிமெண்டுக்கு இன்னும் 14 நாள். அடுத்த புதன் பதிவு. ஓய்வு பெற்ற சாருக்கும் எச்.ஆர். மேடத்துக்கும் ரொம்ப நன்றி.

---

எண்ணூர் கதிர் | அதே நாள், இரவு 9.00

வாழ்த்துகள் அக்கா. நான் இன்னும் காண்ட்ராக்ட் ரோலில்தான் இருக்கேன், நாலு வருஷமா. காண்ட்ராக்டர் ஆபீஸ் என்பது ஒரு ரூமும் ஒரு ரப்பர் ஸ்டாம்பும்தான், லேண்ட்லைன் கிடையாது. பி.எஃப். மட்டும் ஒழுங்கா ஏறுது. அவர் தரும் கடிதத்தை வங்கி எடுக்குமா சார்?

---

கடன்பிரிவு ஓய்வு | அதே நாள், இரவு 9.35

தம்பி, பி.எஃப். தவறாமல் ஏறுவது நல்ல ஆதாரம். காண்ட்ராக்டர் கடிதத்தோடு நாலு வருஷ பாஸ்புக், சம்பளம் வரவான ஸ்டேட்மெண்ட், இரண்டு வருஷ ஃபார்ம் 16 எடுத்து வையுங்கள். ஃபார்ம் 16 தருகிறாரா? அதை முதலில் பார்த்துச் சொல்லுங்கள், பிறகு பேசுவோம்.